சந்தையில் மாட்டைப் பாருங்கள், கொட்டகையில் விலை பேசுங்கள்

கறவை மாடு வாங்கப் போகிறவர்கள் என்னைத் தேடி வந்தால், அநேகமாக முதலில் கேட்பது, "உங்களுக்குச் சுழி பார்க்கத் தெரியுமா?" என்பதுதான். முப்பது வருஷத்துக்கு மேல் கால்நடை ஆய்வாளராக ஊர் ஊராகச் சுற்றியவன், எனக்குச் சுழி தெரியாமல் இருக்குமா! பாடைச் சுழி, விலங்குச் சுழி என்று பெயர்களெல்லாம் ஒப்பிப்பேன். ஆனால் சுழியைப் பார்த்து ஒரு மாடு எத்தனை லிட்டர் கறக்கும் என்று சொன்னவரை இதுவரை நான் கண்டதில்லை. நெற்றியில் ரோமம் எந்தப் பக்கம் சுழித்திருக்கிறது என்று அரை மணி நேரம் ஆராய்கிற மனிதர், மடியை இரண்டு நிமிஷம்கூடத் தொட்டுப் பார்ப்பதில்லை. எட்ட நின்று, "மடி பெருசா இருக்கு" என்று தலையை ஆட்டிவிட்டு, துண்டுக்குள் விரலை நீட்டப் போய்விடுகிறார்.

நம் திருப்புட்குழிப் பக்கத்தில் மாடு வாங்குகிறவர்கள் யார் என்று பாருங்கள். பெரிய பண்ணைக்காரர்கள் இல்லை. பாதிக்குப் பாதி நெசவுக் குடும்பங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் குழித்தறியில் ஈரம் ஏறும், பாவு ஒட்டிக்கொள்ளும், தறி நின்றுபோகும். கூலி வராத அந்த மாதங்களில் அடுப்பு எரியவேண்டும் என்றுதான் வீட்டுப் பெண்கள் குழுவில் கடன் வாங்கி ஒரு மாடு பிடிக்கிறார்கள். ஐம்பதாயிரம், அறுபதாயிரம் என்பது அவர்களுக்குப் பல மாதத்துக் கூலி. மாடு சொன்ன பாலைக் கறக்காவிட்டால் தவணை கட்டுவதற்கு மறுபடியும் கடன்தான். அதனால்தான் இதைக் கொஞ்சம் விளக்கமாக எழுதுகிறேன்.

என் கட்சி இதுதான். சந்தை என்பது மாட்டைப் பார்க்கிற இடம். வாங்குகிற இடம் அல்ல. நூறு மாட்டை ஒரே இடத்தில் பார்த்து நாலைக் கழித்து ஒன்றைப் பிடிக்கச் சந்தையை விட்டால் வேறு வழி இல்லை. ஆனால் பணம் கைமாறுவது, விற்கிறவர் கொட்டகையில், அந்த மாட்டை நம் கண் முன்னால் இரண்டு வேளை கறந்த பிறகு. இதற்கு ஒப்புக்கொள்ளாதவரிடம் மாடு வாங்க வேண்டாம். "சந்தையில இதெல்லாம் நடக்காதுங்க" என்பார்கள். நடக்கும். நல்ல மாடு வைத்திருக்கிறவர் இதற்குப் பயப்படுவதில்லை.

ஏன் இரண்டு வேளை என்று கேட்டால், சந்தைக்கு வரும் மடி பொய் சொல்லும். முதல் நாள் சாயங்காலமோ, அன்று விடியற்காலையோ கறக்காமல் தேக்கி வைத்துவிட்டால் எந்த மடியும் பானை போலத் திரண்டு நிற்கும். பார்க்கிறவருக்கு ஆசை வரும். பத்து, பன்னிரண்டு மணி நேரம் வரைக்கும் பால் ஏறக்குறைய ஒரே சீராக ஊறிக்கொண்டே இருக்கும். அதற்கு மேல் மடிக்குள் அழுத்தம் ஏறி, ஊறுவது மெதுவாகிவிடும். ஆக, ஒரு நாள் முழுக்கத் தேக்கின மாட்டிடம் ஒரே தடவையில் ஒன்பது லிட்டர் கறந்து காட்டினால், அது அந்த மாட்டின் ஒரு நாள் பால். தரகர் அதைத்தான் 'ஒரு வேளை' என்பார். ஒன்பதும் ஒன்பதும் பதினெட்டு என்று நாம் மனத்தில் கணக்குப் போட்டுக்கொள்கிறோம். வீட்டுக்கு வந்த பிறகு காலையில் ஐந்து, மாலையில் நாலு. மாடு ஏமாற்றவில்லை, அதனிடம் இருந்ததே அவ்வளவுதான்.

தேக்கின மடியைக் கண்டுபிடிப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. தோல் பளபளவென்று இறுகி இருக்கும். காம்புகள் நேராகத் தொங்காமல் நாலு திக்கிலும் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நிற்கும். மாடு பின்காலை அகட்டி வைத்து நடக்கும், கை வைத்தால் உதைக்கும். காம்பு நுனியில் பால் சொட்டும். சொட்டாமல் இருக்க நுனியில் ஏதாவது பசை தடவியிருக்கிறார்களா என்று நகத்தால் சுரண்டிப் பாருங்கள்.

மடியைக் கறப்பதற்கு முன்னால் பார்ப்பதைவிட, கறந்து முடித்த பிறகு பார்ப்பதுதான் முக்கியம். நல்ல மடி முழுக்கக் கறந்தபின் காற்றுப் போன பை மாதிரி வற்றிச் சுருங்கும். பின்பக்கம் தோல் மடிப்பு மடிப்பாக விழும். கையால் பிடித்தால் பட்டுத் துணியைப் பிடித்தது போல மெத்தென்று, இழுத்த இழுப்புக்கு வரும். கறந்த பிறகும் பாதி அளவு அப்படியே நிற்கிறது, அமுக்கினால் கெட்டியாக இருக்கிறது என்றால் அது சதை மடி. அதில் இருப்பது பால் இல்லை, கறி. அந்த மடி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் காசு கொடுக்காதீர்கள். ஒரு மூலையில் மட்டும் உருண்டையாகக் கட்டி தட்டுப்பட்டால், அங்கே முன்பு மடிநோய் வந்து பால் சுரக்கும் சதை வீணாகியிருக்கிறது என்று அர்த்தம்.

மடியின் கட்டுமானத்தையும் பார்க்க வேண்டும். முன்பக்கம் வயிற்றோடு வழவழப்பாகச் சேர்ந்திருக்க வேண்டும். பின்பக்கம் தொடைகளுக்கு நடுவில் நல்ல உயரத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பின்கால் முட்டிக்குக் கீழே தொங்கும் மடி நடக்கும்போது இடிபடும், படுக்கும்போது சேற்றில் புரளும், குளம்பு பட்டுக் கிழியும். வயிற்றுக்கு அடியில் மடியிலிருந்து முன்னங்கால் பக்கமாக வளைந்து வளைந்து ஓடுகிற பால் நரம்பு தடிமனாக இருந்தால் நல்லது என்பார்கள். உண்மைதான், ஆனால் அது துணைச் சாட்சி மட்டுமே. வயதான மாட்டுக்கெல்லாம் நரம்பு தடித்துத்தான் இருக்கும்.

காம்புக்கு வருவோம். நாலு காம்பும் கைக்கு அடங்குகிற ஒரே அளவில், சதுரமான பலகையின் நாலு கால் போல இடைவெளி விட்டு இருக்க வேண்டும். கட்டைவிரல் நீளத்துக் காம்பில் கறக்க முடியாது, விரல் நோகும். புனல் போல மேலே அகன்று கீழே ஒடுங்கிய காம்பும் சிரமம். நாலையும் நீங்களே கறக்க வேண்டும். தரகர் கறந்து காட்டுவதை நம்பாதீர்கள். அவர் எந்த இரண்டைப் பிடிக்கிறார் என்று கவனித்தால் சில சமயம் கதை புரியும். ஒரு காம்பைத் தொடவே மாட்டார். அது அடைத்துப்போன காம்பாக இருக்கும். நல்ல காம்பில் பீய்ச்சினால் தாரை கயிறு போலத் தடிமனாக நேராக வரும். நூல் போல மெலிந்து வந்தால் துவாரம் குறுகல், கறக்க இரண்டு மடங்கு நேரமாகும். தாரை இரண்டாகப் பிரிந்து பக்கவாட்டில் சிதறினால் நுனியில் பழைய புண் ஆறிய தழும்பு இருக்கும். காம்பை விரல்களுக்கு நடுவில் உருட்டிப் பாருங்கள். உள்ளே பென்சில் மாதிரி ஒரு தண்டு தட்டுப்பட்டால் சந்தேகப்பட வேண்டும்.

ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதல் நாலைந்து பீய்ச்சலை ஒரு கருப்புத் துணியில் பீய்ச்சுங்கள். நம் ஊரில் துணிக்கா பஞ்சம்! வெள்ளைக் கிண்ணத்தில் பீய்ச்சினால் ஒன்றும் தெரியாது. கருப்பில் தயிர்த் திப்பி, நூலிழை, நீர்த்த பால், ரத்தச் சிவப்பு எல்லாம் உடனே தெரிந்துவிடும். ஆனால் இதில் தேறிவிட்டது என்பதற்காக மடியில் நோயே இல்லை என்று ஆகாது. மடிநோயில் கண்ணுக்குத் தெரியாத வகைதான் மிக அதிகம். பால் பார்க்க நன்றாக இருக்கும், மடி வீங்காது, மாடு நன்றாகத் தின்னும். பால் மட்டும் அந்த மூலையில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். சங்கத்தில் பால் ஊற்றும்போது கொழுப்பற்ற திடப்பொருள் குறைகிறது என்று காசைப் பிடிப்பார்கள். இவர்களுக்குக் காரணமே விளங்காது.

இதற்கு ஒரு சோதனை இருக்கிறது. 1957-ல் அமெரிக்காவில், கலிபோர்னியாவில் கண்டுபிடித்தது. அங்கே அதற்கென்று ஒரு மருந்துக் கரைசல் வைத்திருக்கிறார்கள். நமக்குத் துணி துவைக்கிற சலவைத்தூளே போதும். அரை லிட்டர் தண்ணீரில் 15 கிராம் தூளைக் கரைத்து, தெளிந்த கரைசலை ஒரு பாட்டிலில் எடுத்துக்கொள்ளுங்கள். நாலு சின்னக் கிண்ணம், காம்புக்கு ஒன்று. முதல் சில பீய்ச்சலைத் தள்ளிவிட்டு ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் பால் பிடித்து, அதே அளவு கரைசலை ஊற்றி, அரை நிமிஷம் மெதுவாகச் சுழற்றுங்கள். நல்ல பால் தண்ணீர் போலவே ஓடும். நோய் உள்ள பால் கஞ்சி போலக் கொழகொழக்கும். முற்றியிருந்தால் முட்டையின் வெள்ளைக்கரு போல ஒன்றாகத் திரண்டு, கிண்ணத்தைச் சாய்த்தால் மொத்தமாக நழுவும். காரணம் சுலபம். மடியில் கிருமி இருந்தால் அதை எதிர்க்க ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்கள் பாலில் வந்து குவிகின்றன. சலவைத்தூள் அந்த அணுக்களை உடைக்கிறது. உள்ளிருந்து வெளிவரும் மரபுப் பொருள்தான் இப்படி கெட்டியாகக் கொழகொழக்கிறது.

ஒரு எச்சரிக்கை. கன்று போட்டு முதல் ஒரு வாரம் சீம்பால் நாட்களிலும், பால் வற்றப்போகும் கடைசி நாட்களிலும், நல்ல மாட்டின் பாலும் இப்படிக் கொழகொழக்கும். அப்போது நாலு கிண்ணமும் ஒரே மாதிரி இருக்கும். ஒன்று மட்டும் மாறினால்தான் நோய் என்று சந்தேகிக்க வேண்டும்.

போன வருஷம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் தெருவில் ஒரு நெசவாளி வீட்டுப் பெண், என்னை மாமா என்று கூப்பிடுகிறவள். குழுவில் அறுபதாயிரம் கடன் கிடைத்திருந்தது. வேலூருக்கு அப்பால் பொய்கையில் செவ்வாய்க்கிழமை தோறும் பெரிய மாட்டுச் சந்தை கூடும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். நம் ஊரிலிருந்து அதே பெங்களூர் நெடுஞ்சாலையில் போகலாம், இரண்டு மணி நேரம் ஆகும். அவளும் அவள் மகனும் நானும் இருட்டோடு கிளம்பினோம்.

முதலில் அவள் கண்ணில் பட்டது செவலை நிறத்தில் ஒரு ஜெர்சி கலப்பு. அழகான மாடு. மடி நிலத்தைத் தொடுவது போல் இருந்தது. "ரெண்டாம் ஈத்து, கன்னு போட்டு பதினஞ்சு நாள், வேளைக்கு எட்டு லிட்டர்" என்றார் தரகர். நான் மடியைப் பார்க்கவே இல்லை, முதலில் வாயைத் திறந்தேன்.

பல் விஷயம் உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. கீழே எட்டு. பால்பல் சின்னதாக, வெள்ளையாக இருக்கும். இரண்டு, இரண்டரை வயதில் நடுவில் உள்ள ஜோடி விழுந்து பெரிய பல் முளைக்கும், அதுதான் ரெண்டு பல். மூன்று, மூன்றரை வயதில் நாலு பல். நாலு வயதை ஒட்டி ஆறு. ஐந்து வயதுக்குள் எட்டும் சேர்ந்துவிடும். அதற்குப் பிறகு தேய்மானம்தான் கணக்கு. முதலில் முளைத்த நடுப்பல்தான் முதலில் தேயும். நம் பக்கத்துக் கலப்பின மாடு மூன்று வயதுக்கு முன்பின்னாகத் தலையீத்துப் போடும், அடுத்தது ஒன்றேகால், ஒன்றரை வருஷம் கழித்து. ஆக, ரெண்டாம் ஈத்து மாட்டின் வாயில் ஆறு பல் இருக்க வேண்டும், அல்லது எட்டாவது புதிதாக முளைத்துக்கொண்டு இருக்க வேண்டும். இந்தச் செவலைக்கு எட்டும் சேர்ந்து, நடுப்பல் தேய்ந்து மேல்பரப்பு தட்டையாகிவிட்டது. ஆறு, ஏழு வயதுக்குக் குறையாது. நாலாவது ஈத்தாவது இருக்கும். நாலாம் ஈத்து மாடு மோசம் என்று சொல்லவில்லை, மூன்று நாலு ஈத்தில்தான் பால் உச்சத்தில் இருக்கும். ஆனால் ரெண்டாம் ஈத்து விலை கொடுத்து நாலாம் ஈத்தை வாங்கினால், நாம் மேலே ஏறுவதற்குப் பதில் இறங்குமுகத்தில் ஏறிக்கொள்கிறோம்.

(கொம்பில் வளையம் எண்ணுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அரம் வைத்து ராவி எண்ணெய் தடவினால் வளையம் ஏது? கலப்பின மாட்டில் பாதிக்குக் கொம்பையே கன்றில் தீய்த்துவிடுகிறார்கள்.)

பிறகு கன்றைப் பார்த்தேன். பதினைந்து நாள் கன்று என்றால் தொப்புள் கொடி காய்ந்து அப்போதுதான் விழுந்திருக்கும், இடம் இன்னும் பொருக்காக இருக்கும். இந்தக் கன்றுக்குத் தொப்புள் முழுக்க ஆறி ரோமம் மூடியிருந்தது. தலையில் கொம்புக் குருத்தை விரலால் அசைத்தால் அசையவில்லை, எலும்போடு ஒட்டிவிட்டது. அதற்கு இரண்டு மாதமாவது ஆகும். கன்று போட்டு ஆறு, எட்டு வாரத்தில் பால் உச்சிக்குப் போய், அதற்கப்புறம் இறங்க ஆரம்பிக்கும். பதினைந்து நாள் என்று சொன்னால் 'இன்னும் ஏறும்' என்று நம்புவோம் அல்லவா, அதற்காகத்தான் இந்தப் பொய். இன்னொரு விதமும் உண்டு. வேறு மாட்டின் சின்னக் கன்றைக் கொண்டுவந்து பக்கத்தில் கட்டிவிடுவார்கள். அவிழ்த்து விட்டுப் பாருங்கள். சொந்தக் கன்று என்றால் மாடு நக்கும், குரல் கொடுக்கும். அந்நியக் கன்று என்றால் முட்டும், உதறும்.

"இன்னிக்குச் சாயங்காலமும் நாளைக் காலையும் உங்க கொட்டாயில வந்து கறந்து பார்க்கலாமா?" என்று கேட்டேன். "சார், வர்றவங்க வாங்கிட்டுப் போய்க்கிட்டே இருக்காங்க, நீங்க என்ன பொண்ணா பார்க்க வந்தீங்க?" என்றார். அதோடு அந்த மாடு முடிந்தது. அவளுக்குத்தான் மனசே இல்லை, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

இரண்டாவது கருப்பு வெள்ளை. சொந்த மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்திருந்த ஒரு விவசாயி, தரகர் இல்லை. ஆறு பல். கன்று தொப்புள் பொருக்கு இன்னும் விழவில்லை. "ஒரு நாளைக்குப் பதினாலு லிட்டர்" என்றார். வீட்டுக்கு வந்து பாருங்கள் என்று அவரே சொன்னார். அட்வான்ஸாக ஆயிரம் கொடுத்துவிட்டு அவர் கிராமத்துக்கே போனோம். சாயங்காலம் ஐந்து மணிக்கு மடி வற்றும்வரை முழுக்கக் கறக்கச் சொன்னேன். அந்தப் பாலைக் கணக்கில் சேர்க்கவில்லை, அது எத்தனை மணி நேரத்துப் பால் என்று நமக்குத் தெரியாது. அங்கிருந்துதான் கடிகாரம் ஓட ஆரம்பிக்கிறது. மறுநாள் விடிகாலை ஐந்துக்கு மறுபடியும் கறந்தோம். சரியாகப் பன்னிரண்டு மணி நேரம். ஐந்தரை லிட்டர். அன்று சாயங்காலம் ஐந்துக்கு இன்னொரு தடவை, ஐந்து லிட்டர். ஆக ஒரு நாளைக்குப் பத்தரை. அவர் சொன்ன பதினாலுக்கும் இதற்கும் வித்தியாசம் இருந்தாலும், கன்று குடித்தது போக என்று பார்த்தால் மனிதர் ரொம்பவும் கூட்டிச் சொல்லவில்லை. கறக்கும்போது இன்னொன்றையும் கவனித்தேன். காம்பைத் தடவிக் கொடுத்து ஒரு நிமிஷத்தில் பால் இறங்கியது, ஊசி எதுவும் போடவில்லை. ஊசி போட்டால்தான் சுரக்கும் என்று பழக்கி வைத்த மாடுகள் சந்தைக்கு வருகின்றன. அந்த ஊசியைப் பால் சுரக்கப் போடுவது 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அது தெரிந்தும் போடுகிறார்கள்.

உடம்பு முழுக்கப் பார்த்தேன். மூக்கு ஈரமாக இருந்தது, அசை போட்டது, சாணி கெட்டியாக இருந்தது. கோமாரி வந்து போன மாடு ஒரு வகை உண்டு. புண் ஆறிவிடும், ஆனால் அதற்கப்புறம் ரோமம் நீளமாகக் கரடி போல வளரும், வெயிலில் நிறுத்தினால் நாயைப் போல இரைக்கும், பால் குறைந்துகொண்டே போகும். அதனால்தான் மாட்டை நிழலில் பார்க்கக் கூடாது, கால் மணி நேரம் வெயிலில் நடத்திப் பார்க்க வேண்டும். வாலைத் தூக்கிப் பின்பக்கம் தையல் தழும்பு இருக்கிறதா என்றும் பார்த்தேன். இருந்தால் கருப்பை வெளியே தள்ளித் தைத்திருக்கிறார்கள் என்று பொருள். அடுத்த ஈத்திலும் தள்ளும். காதில் மஞ்சள் தோடு, பன்னிரண்டு இலக்க எண். அந்த எண்ணைக் கால்நடை மருத்துவமனையில் கொடுத்தால், பதிந்திருந்தால் கோமாரி ஊசி எப்போது போட்டது, சினை ஊசி எப்போது என்று பார்த்துச் சொல்வார்கள். எல்லாம் சரியாக இருந்தது. அறுபத்து ஐந்தில் ஆரம்பித்து ஐம்பத்து ஆறாயிரத்துக்கு இறங்கி வந்தார்.

கடைசியாக என் பாட்டிலை எடுத்தேன். மூன்று கிண்ணம் தண்ணீராக ஓடியது. வலப்பக்கப் பின்காம்புக் கிண்ணம் மட்டும் கஞ்சியாகக் கொழகொழத்தது. கருப்புத் துணியில் ஒரு திப்பி இல்லை. விவசாயிக்கே தெரியாது, அதிர்ந்துபோய் நின்றார். மறு கறவையில் இன்னொரு தடவை பார்த்தோம். அதே கிண்ணம், அதே கஞ்சி.

"மூணு காம்பு போதாதா மாமா? விலையை இன்னும் கொஞ்சம் குறைச்சுக் கேளுங்களேன்" என்றாள். இரண்டு நாள் அலைந்த அலுப்பு அவளுக்கு. அவளையே கணக்குப் போடச் சொன்னேன். பின்னிரண்டு காம்பில்தான் பால் அதிகம், மொத்தத்தில் அறுபது சதவீதம் அங்கே. ஒரு பின்காம்பு போனால் பத்து லிட்டரில் மூன்று போகும். மாதம் போகப் போகப் பால் குறையும் என்பதால் சராசரியாக இரண்டு லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். லிட்டர் 35 ரூபாய், பத்து மாதம், முந்நூறு நாள். இரண்டு முப்பத்தைந்து எழுபது, அதை முந்நூறால் பெருக்கினால் இருபத்து ஓராயிரம். ஒரு ஈத்துக்கு அவ்வளவு. வைத்தியம் பார்த்துச் சரியாகவும் கூடும், சரியாகாமல் அந்த மூலை வற்றியும் போகலாம். அதுமட்டும் இல்லை, கறக்கிற கையாலேயே கிருமி அடுத்த காம்புக்குத் தாவும். அந்த விவசாயி வைத்தியம் பார்த்துக்கொண்டு தன்னிடமே வைத்துக்கொள்வதுதான் நியாயம். அட்வான்ஸை அவர் மறுபேச்சு இல்லாமல் திருப்பிக் கொடுத்தார். டாக்டரிடம் காட்டச் சொல்லிவிட்டு வந்தோம்.

பிறகு மூன்று வாரம் கழித்து, தாமல் பக்கத்தில் ஒரு வீட்டில், இதே முறையில் பார்த்து அவள் மாடு வாங்கினாள். ஒன்பது லிட்டர்தான். ஐம்பத்து மூவாயிரம். நாலு கிண்ணமும் தண்ணீர்.

இதைப் படித்துவிட்டு, இவ்வளவு அலைச்சல் யாரால் முடியும் என்று சிலர் கேட்பார்கள். எனக்கு அதில் ஒரு குறை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். சந்தையில் மாடு ஒன்றுக்கு நுழைவுக் கட்டணம் வசூலிக்கிறவர்கள், வாசலில் ஒரு மேசை போட்டு நாலு கிண்ணமும் ஒரு பாட்டில் கரைசலும் வைக்கலாம். வாங்குகிறவர் கேட்டால் இரண்டு நிமிஷத்தில் பார்த்துச் சொல்லலாம். செலவு என்று சொல்ல ஒன்றுமே இல்லை. தேக்கின பாலை அந்த மேசையால் கண்டுபிடிக்க முடியாதுதான். ஆனால் வெளியே தெரியாத மடிநோயோடு கைமாறுகிற மாடுகள் பாதியாகக் குறையும் என்று நினைக்கிறேன். தோல் கழலை நோய் நம் மாநிலத்தில் பரவியபோது சந்தைகளையே மூடினார்கள். மூட முடிந்தவர்களுக்கு மேசை போட முடியாதா?

மாடு வீட்டுக்கு வந்தால் முதல் நாலைந்து நாள் பால் குறையும். லாரியில் வந்த களைப்பு, புதுத் தண்ணீர், புதுத் தீவனம், புதுக் கை. பதறிப்போய் விற்றவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், ஒரு வாரம் பொறுத்து அளந்து பாருங்கள். விற்றவர் என்ன தீவனம் போட்டார் என்று கேட்டு, அதில் ஒரு மூட்டையை அவரிடமே வாங்கி வந்து கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். வீட்டில் ஏற்கெனவே மாடு இருந்தால் புது மாட்டை மூன்று வாரம் தள்ளிக் கட்டுங்கள். அதற்கு இடம் இல்லாத வீட்டில், பழைய மாட்டைக் கறந்து முடித்த பிறகு புது மாட்டைக் கறந்து, சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள். பாட்டிலில் மிச்சம் இருக்கிற சலவைத்தூள் கரைசலைக் கொட்டிவிட வேண்டாம், பதினைந்து நாளைக்கு ஒரு தடவை நாலு கிண்ணத்தையும் எடுத்து வையுங்கள்.